வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புறேன், இங்கே லோன் பாக்கி இருக்கு – போறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

திருச்சிக்காரன்_92

எல்லாருக்கும் வணக்கம். துபாயில் ஒரு கம்பெனியில் வேலை கிடைச்சிருக்கு. இன்னும் ஆறு வாரத்தில் கிளம்பணும். டிக்கெட், விசா கம்பெனி செலவு. இங்கே எனக்கு இருக்கிற பாக்கி இது:

பர்சனல் லோன் 3.4 லட்சம் பாக்கி, மாசம் 11,800 ரூபாய் இஎம்ஐ. கல்விக் கடன் 5.6 லட்சம், மாசம் 7,400. இதில் அப்பாவும் கையெழுத்து போட்டிருக்கார். கிரெடிட் கார்டில் 86,000. அப்புறம் என் பேரில் நகைக்கடன் 1.2 லட்சம், அடுத்த பங்குனியில் தவணை முடியுது.

கையில் ஒன்றரை லட்சம் சேமிப்பு இருக்கு. என் கேள்வி மூணு. ஏர்போர்ட்டில் நிறுத்துவாங்களா? அங்கே போய் சம்பளம் வர ஆரம்பிக்கிற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் கட்டாம விட்டா என்ன ஆகும்? அங்கிருந்து கட்டுறதுக்கு எப்படி ஏற்பாடு பண்ணிக்கணும்? கட்டாம ஓடுற எண்ணம் சத்தியமா இல்லை.

---

நெல்லை_ராஜா

பயப்படாதீங்க ப்ரோ. கடன் சிவில் விஷயம், போலீஸ் தலையிட முடியாது. ஏர்போர்ட்டில் நிறுத்துறதும் இப்போ கிடையாது. வங்கிகள் கேட்டு லுக் அவுட் நோட்டீஸ் போடுறது செல்லாதுன்னு பம்பாய் ஹைகோர்ட் 2024 ஏப்ரலில் தீர்ப்பு கொடுத்தாச்சு. மூணு வருஷம் தாண்டினா கேஸே போட முடியாது, காலாவதி ஆயிடும். கட்டுறது உங்க நல்ல மனசு. ஆனா ரெண்டு மாசம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது.

---

வக்கீல்_சங்கரி

ராஜா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி ஒருவர் விமானம் ஏறிவிடக் கூடாது என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கடன் கட்டாமல் இருப்பது மட்டும் குற்றமாகாது, அது சரி. ஆனால் கடனுக்காகக் கொடுத்த காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு வருகிறது. இஎம்ஐக்காகக் கொடுத்த தானியங்கி மேண்டேட் பணமில்லாமல் திரும்பினால், 2007-ம் ஆண்டு பணப்பட்டுவாடா சட்டத்தின் 25-வது பிரிவு வருகிறது. இரண்டுமே குற்றவியல் வழக்குகள். இரண்டாண்டு வரை சிறை அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் சமரசத்தில் முடியும். ஆனால் வழக்கு வழக்குதான்.

இதன் நாள் கணக்கைக் கவனியுங்கள். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்யலாம். அந்தப் 15 நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் கதவு. வெளிநாடு போனவர்களுக்கு அது பெரும்பாலும் தெரியாமலே மூடிவிடுகிறது. காரணம், நோட்டீஸ் போவது வங்கிப் பதிவில் இருக்கும் முகவரிக்கு. சென்னையில் காலி செய்துவிட்ட வாடகை வீட்டு முகவரி அது என்றால், "வீடு பூட்டியிருக்கிறது" என்று தபால்காரர் எழுதித் திருப்புவார். சரியான முகவரிக்கு அனுப்பித் திரும்பிய நோட்டீஸ் சேர்ந்ததாகவே கருதப்படும். பிறகு சம்மனும் அதே வீட்டுக்குப் போகும். ஆள் வராவிட்டால் வாரண்ட். ஏர்போர்ட் சிக்கல் என்பது பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. கோர்ட் வாரண்டைத் தொடர்ந்து வரும் லுக் அவுட் சர்க்குலரை பம்பாய் தீர்ப்பு தடுக்கவில்லை. அது பொதுத்துறை வங்கிகள் தாமே கேட்கும் அதிகாரத்தைப் பற்றியது.

இன்னொன்று, பாஸ்போர்ட். இந்தியக் கோர்ட்டில் குற்றவியல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டம் 6(2)(f)-ன் கீழ் புதுப்பிக்க மறுக்கலாம். கோர்ட் அனுமதி வாங்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். காசோலை வழக்கும் இதில் சேரும். வங்கி போடும் சாதாரண சிவில் வழக்கு சேராது.

மூன்று வருட விஷயம்தான் மிக ஆபத்தான தவறு. காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 15(5): பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலம் கணக்கிலேயே சேராது. நீங்கள் ஐந்து வருடம் துபாயில் இருந்தால் அந்த ஐந்து வருடமும் கடிகாரம் நின்றிருக்கும். உள்ளூரில் இருப்பவருக்கு ஓடும் கடிகாரம் உங்களுக்கு ஓடாது.

---

நெல்லை_ராஜா

15(5) எனக்குத் தெரியாது மேடம், திருத்தினதுக்கு நன்றி. ஆனா ஒரு சந்தேகம். இஎம்ஐ மேண்டேட் திரும்பினதுக்கு யார் மேலேயாவது நிஜமாவே கேஸ் போடுறாங்களா? மாசம் லட்சக்கணக்கில் திரும்புமே.

---

வக்கீல்_சங்கரி

ஒன்றிரண்டு தவணைக்கு அநேகமாகப் போடமாட்டார்கள். ஆள் வெளிநாடு போய்விட்டார், போன் எடுக்கவில்லை என்று தெரிந்தால் சில தனியார் நிதி நிறுவனங்கள் மொத்தமாகப் போடுகின்றன. எந்த நிறுவனம் எப்போது போடும் என்று நானோ நீங்களோ உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அதை நம்பித் திட்டமிடக் கூடாது என்கிறேன்.

---

பழைய_மேனேஜர்

தம்பி, சட்டத்தை வக்கீலம்மா சொல்லிட்டாங்க. நான் கவுண்டருக்கு உள்ளே நடக்கிறதைச் சொல்றேன்.

நீங்க நினைக்கிற மாதிரி மூணு மாசம் விட்டா என்ன ஆகும்? தவணை தப்பின மறுநாளே உங்க கணக்கு கவனிப்புப் பட்டியலில் ஏறிடும். 30 நாள், 60 நாள்னு படி ஏறி, 90 நாள் தாண்டினா வாராக்கடன். கல்விக் கடனும் பர்சனல் லோனும் ஒரே வங்கின்னா, ஒண்ணு வாராக்கடன் ஆனா மத்ததும் அதோட சேரும். ஏன்னா வகைப்பாடு ஆளுக்குத்தான், கணக்குக்கு இல்லை. மூணாவது மாசம் 25-ம் தேதி அங்கே சம்பளம் வந்து, அவசரமா ஒரே ஒரு தவணை கட்டினா போதும்னு நினைப்பாங்க. வாராக்கடன் ஆனதுக்கு அப்புறம் தப்பின தவணை மொத்தமும் கட்டினாத்தான் அது பழைய நிலைக்கு வரும்.

அதைவிட முக்கியம், அப்பா. கல்விக் கடனில் அவர் ஜாமீன்தாரரா, கூட்டுக் கடன்தாரரா? சான்க்ஷன் லெட்டரை எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராத்தான் இருப்பாங்க. அப்படின்னா அது அவரோட கடனும்தான். உங்க சிபிலில் விழுற அதே அடி அவர் சிபிலிலும் விழும். ஜாமீன்தாரரா இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி அவர் பொறுப்பும் உங்க பொறுப்பும் சரிசமம். உங்களைத் தேடிப் பிடிச்ச பிறகுதான் அவர்கிட்ட வரணும்னு வங்கிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மகன் துபாயில், அப்பா திருச்சியில்னா யார் வாசல் மணி அடிக்கும்னு நீங்களே யோசிங்க.

---

ஷார்ஜா_ரிட்டர்ன்

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கேன். ஷார்ஜாவில் 40,000 திர்ஹம் லோன் பாக்கி, வேலை போய் ஊருக்கு வந்துட்டேன். இங்கே ஏதோ கலெக்‌ஷன் ஆபீஸில் இருந்து போன் வருது. அங்கே உள்ள கடனுக்கு இங்கே எதுவும் பண்ண முடியாதுன்னு சொல்றாங்களே, சரியா?

---

வக்கீல்_சங்கரி

உங்களுடையது நேர் எதிர்த் திசை, தனி இழையாகப் போடுங்கள். ஒரு வரி மட்டும் இங்கே சொல்கிறேன்: 2020 ஜனவரி முதல் அமீரகம் பரஸ்பர நாடாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே சிவில் கோர்ட்டில் பெற்ற டிக்ரியை இங்கே மாவட்டக் கோர்ட்டில் நேரடியாக நிறைவேற்ற மனுப் போடலாம். "எதுவும் பண்ண முடியாது" என்பது பழைய காலத்துப் பேச்சு. போன் செய்பவரிடம் அங்கீகாரக் கடிதம் கேளுங்கள், டிக்ரி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

வளைகுடாவாசி

மூணாவது கேள்விக்கு, அதாவது அங்கிருந்து கட்டுற ஏற்பாட்டுக்கு வரேன். தவறு நடக்கிற இடம் பெரும்பாலும் பணத்தில் இல்லை, அக்கவுண்டில்.

வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பின நாளிலிருந்து அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாப்படி நீங்க வெளிநாடுவாழ் ஆள். பழைய சேவிங்ஸ் அக்கவுண்டை அப்படியே வச்சுக்கக் கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்தணும். மாத்துறப்போ சில வங்கியில் அதே நம்பர் இருக்கும், சில வங்கியில் புது நம்பர் வரும். புது நம்பர் வந்தா, பழைய நம்பரில் நிக்கிற இஎம்ஐ மேண்டேட் எல்லாம் அன்னிக்கே செத்துடும். அக்கவுண்டில் ரெண்டு லட்சம் கிடந்தாலும் இஎம்ஐ திரும்பும். கடன் கொடுத்தவர் பார்வையில் நீங்க கட்டலை, அவ்வளவுதான். அதனால் வங்கியில் கேக்க வேண்டிய முதல் கேள்வியே "நம்பர் மாறுமா?" என்பதுதான். வாயால் சொன்னா போதாது, மெயிலில் பதில் வாங்குங்க.

மாறும்னா வரிசை இப்படி இருக்கணும். பழைய அக்கவுண்டை உடனே மூடாதீங்க. புது அக்கவுண்ட் நம்பர் வந்ததும் கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புது மேண்டேட் கொடுங்க. அது பதிவாக ரெண்டு மூணு வாரம் ஆகலாம். ஆன்லைனில் என்ஆர்ஓ அக்கவுண்டை ஏத்துக்காம, பேப்பரில் கையெழுத்து கேக்குற நிறுவனமும் உண்டு. அப்போ கூரியர் போற நாளையும் சேர்த்துக்கணும். புது அக்கவுண்டில் இருந்து ஒரு தவணை நிஜமாவே கழிஞ்சதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதைத் தொடணும்.

அடுத்தது, மேண்டேட்டை என்ஆர்இயில் வைக்கிறதா, என்ஆர்ஓவில் வைக்கிறதா? எல்லாரும் என்ஆர்இயில்தான் வைப்பாங்க, ஏன்னா சம்பளப் பணம் அதில்தான் வந்து விழுது. நான் என்ஆர்ஓவில் வைக்கச் சொல்வேன். காரணம், என்ஆர்இக்குள் வெளிநாட்டுப் பணம் மட்டும்தான் போகும். ஒரு மாசம் சம்பளம் தாமதம்னு வைங்க, அப்பா உள்ளூரில் இருந்து 12,000 அனுப்பி உதவ நினைச்சாலும் என்ஆர்இயில் போட முடியாது. என்ஆர்ஓவில் போடலாம். என்ஆர்இயில் இருந்து என்ஆர்ஓவுக்கு மாத்தத் தடையே இல்லை. சம்பளம் என்ஆர்இக்கு, அங்கிருந்து 2-ம் தேதி தானா என்ஆர்ஓவுக்கு, 5-ம் தேதி இஎம்ஐ. மூணு நாள் இடைவெளி எதுக்குன்னா, வெள்ளி ராத்திரி அங்கே எக்ஸ்சேஞ்சில் கட்டின பணம் திங்கள்கிழமைதான் ஏறுற நேரமும் வரும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா இதில் மாட்டினவங்க நிறைய. இந்திய சிம். ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும். கிளம்புறதுக்கு முன்னாடியே ரோமிங் ஆன் பண்ணிடுங்க, வெளிநாட்டில் இருந்து ஆன் பண்றதுக்கே ஓடிபி கேக்கும். பிரீபெய்டுன்னா 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாம கிடந்தா நம்பரை முடக்கிடலாம்.

---

திருச்சிக்காரன்_92

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சான்க்ஷன் லெட்டர் பார்த்தேன், அப்பா கூட்டுக் கடன்தாரர்தான். ஒரு விஷயம் முதல் பதிவில் சொல்லலை. அது சின்னதுன்னு நினைச்சேன். ஊரில் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் 60,000 வாங்கினேன், இன்னும் 40,000 பாக்கி. அவர்கிட்ட கையெழுத்து மட்டும் போட்ட ரெண்டு வெத்து செக் இருக்கு. நல்ல மனுஷன்தான், "அங்கே போய் மெதுவா அனுப்பு தம்பி"ன்னார்.

---

வக்கீல்_சங்கரி

இது சின்னது இல்லை. உங்கள் பட்டியலிலேயே முதலில் தீர்க்க வேண்டியது இதுதான்.

கையெழுத்து மட்டும் போட்ட காசோலையில் வேறொருவர் தொகையை நிரப்பினாலும் 138 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் பீர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தச் செக்கில் 40,000 எழுதுவாரா, 4 லட்சம் எழுதுவாரா என்பது அவர் கையில் இருக்கிறது. கடன் அவ்வளவு இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் வரும். அதையும் துபாயில் இருந்தபடி செய்ய வேண்டும்.

வளைகுடாவாசி சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். பழைய அக்கவுண்டை மூடினால் அந்தச் செக்குகள் "கணக்கு மூடப்பட்டது" என்று திரும்பும். கணக்கை மூடிவிட்டால் தப்பிக்கலாம் என்பது நடக்காது. அந்தக் காரணத்துக்குத் திரும்பினாலும் 138 வரும். ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தாலும் வரும். அவர் நல்லவர் என்பதை நான் மறுக்கவில்லை. அவருக்கு ஏதாவது ஆகி, அந்தச் செக் அவர் மகன் கைக்கோ பங்காளி கைக்கோ போனால் என்ன செய்வீர்கள்?

40,000 ரூபாயை வங்கி வழியாகக் கட்டுங்கள், ரொக்கமாக வேண்டாம். இரண்டு செக்கையும் கையில் வாங்குங்கள். நம்பர் பார்த்துச் சரிபாருங்கள். புரோநோட்டு எழுதியிருந்தால் அதையும் "முழுதும் பைசலாகிவிட்டது" என்று பின்புறம் எழுதிக் கையெழுத்து வாங்கித் திரும்பப் பெறுங்கள். செக் தொலைந்துவிட்டது என்றார் என்றால், செக் நம்பரைக் குறிப்பிட்டு, பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை

கையில் 1,50,000. ஃபைனான்ஸ்காரருக்கு 40,000 போக 1,10,000. மிச்சத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

கார்டு 86,000-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தால் 3,010. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 542. ஆக, மாதம் 3,552 வட்டியாகவே போகிறது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் அசல் நகராது. அதனால் என் கருத்து, கார்டை முழுதும் அடைத்துவிடுங்கள். மாதம் மூவாயிரத்து ஐநூறை எரிப்பதில் அர்த்தம் இல்லை.

---

பழைய_மேனேஜர்

கணக்கு சரி. ஆனா முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. கார்டை அடைச்சா கையில் 24,000 மிஞ்சும். மத்த ரெண்டு இஎம்ஐயும் சேர்ந்து மாசம் 19,200. அங்கே போய் எமிரேட்ஸ் ஐடி வந்து, அக்கவுண்ட் திறந்து, முதல் சம்பளம் கைக்கு வர ஏழெட்டு வாரம் ஆகலாம். மூணு மாச இஎம்ஐ 57,600 வேணும். இல்லைன்னா ரெண்டாவது மாசமே மேண்டேட் திரும்பும். கார்டு வட்டியை மிச்சம் பிடிக்கப் போய் கிரிமினல் பிரிவு இருக்கிற இஎம்ஐ மேண்டேட்டைத் திரும்ப விட்டுடுவோம்.

கார்டு பாக்கியை இஎம்ஐயா மாத்தச் சொல்லிக் கேளுங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே. வருஷத்துக்கு 16 சதவீதம், 12 மாசம்னா தவணை 7,803 வரும். மொத்த வட்டி 7,636, அதுக்கு ஜிஎஸ்டி தனி. ஒரு வருஷத்துக்கே அவ்வளவுதான். இப்போ கட்டுற வேகத்தில் மூணே மாசத்தில் 10,656 போயிடும். மாத்தின பிறகு அந்தக் கார்டில் ஒரு பைசா செலவு பண்ணக் கூடாது, அது நிபந்தனை.

அப்போ மாசம் மொத்தம் 11,800, 7,400, 7,800 சேர்ந்து 27,000. மூணு மாசத்துக்கு 81,000. 1,10,000-ல் இதை எடுத்து இஎம்ஐ கழியுற அக்கவுண்டில் போட்டுடுங்க, தொடாதீங்க. மிச்சம் 29,000 உங்க கைச்செலவுக்கு. திர்ஹம் 23 ரூபாய்னு வச்சாலும் மாசம் சுமார் 1,175 திர்ஹம் ஊருக்குக் கடனுக்கு மட்டும் அனுப்பணும். உங்க சம்பளத்தில் அறை வாடகை, சாப்பாடு போக அது முடியுமான்னு இப்பவே உக்காந்து பாருங்க.

---

கணக்குப்பிள்ளை

மேண்டேட் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டில் வேறு நகை இருந்தால் அதன் மேல் வங்கியில் வாங்கிக் கார்டை அடைப்பது 16 சதவீதத்தைவிட மலிவு.

---

பழைய_மேனேஜர்

மலிவுதான். ஆனா நகையை வச்சவர் வெளிநாட்டில் இருக்கார்னா அந்தக் கடனுக்கும் ஒரு தனித் தலைவலி உண்டு. தம்பி, உங்க 1.2 லட்சம் நகைக்கடனுக்கு வரேன். அது உங்க பேரில் இருக்கு. அம்மா வட்டி கட்டலாம், யார் வேணாலும் கட்டலாம். ஆனா நகையை மீட்கவும், புதுசா மாத்தி வைக்கவும் உங்க கையெழுத்து வேணும். பங்குனியில் தவணை முடிஞ்சு நீங்க வரலைன்னா ஏல நோட்டீஸ் வரும். அப்போ துபாயில் இருந்து ஆதரைசேஷன் லெட்டர் அனுப்பி, வங்கி அதை ஏத்துக்குதா இல்லையான்னு இழுபறி.

அதனால் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் அம்மாவோட போய், அதே நகையை மீட்டு அம்மா பேரில் திரும்ப வைங்க. காலையில் அடைச்சு மத்தியானம் மறுஅடகு வைக்கிறது கிளைகளில் தினம் நடக்கிறதுதான். மேனேஜர்கிட்ட முன்கூட்டிச் சொன்னா அடைக்கிற பணத்துக்கும் ஒரு வழி சொல்வார். கிராம் விலை ஏறியிருந்தா அதே நகைக்குக் கொஞ்சம் கூடவும் கிடைக்கலாம். அதை வட்டிக்குக் கழிச்சுக்கங்க.

---

மதுரை_மீனா

பவர் ஆஃப் அட்டர்னி பத்தி யாரும் சொல்லலையே. என் அண்ணன் சிங்கப்பூரில் இருந்து அனுப்பின பவரை வங்கி ஏத்துக்கவே இல்லை. முத்திரை இல்லைன்னு திருப்பிட்டாங்க.

---

வக்கீல்_சங்கரி

வெளிநாட்டில் எழுதிய பவருக்கு இரண்டு படி உண்டு. அங்கே இந்தியத் தூதரகத்தின் முன் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். அது இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அநேகமாக இரண்டாவது படி விட்டுப் போயிருக்கும். திருச்சித் தம்பி இங்கே இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது சுலபம். பொதுப் பவர் வேண்டாம். "இந்தக் கடன் எண்கள் தொடர்பாக வங்கியிடம் கடிதம் கொடுக்கவும், ஸ்டேட்மெண்ட் வாங்கவும், கடனை அடைத்து ஆவணங்களைத் திரும்பப் பெறவும்" என்று கடன் எண்ணோடு குறிப்பிட்ட சிறப்புப் பவர் போதும். வங்கிகளும் அதைத்தான் தயங்காமல் வாங்குகின்றன.

---

திருச்சிக்காரன்_92

வங்கிக்கு நான் வெளிநாடு போறேன்னு சொல்லணுமா? சொன்னா லோனை உடனே முழுசா கட்டச் சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

---

பழைய_மேனேஜர்

சொல்லணும். இந்தியாவில் இருந்தப்போ வாங்கின ரூபாய்க் கடன் ஆள் வெளிநாடு போனதும் தானா முடியறதில்லை. அதே தவணையில் தொடரலாம். என்ஆர்ஓ, என்ஆர்இ, வெளிநாட்டில் இருந்து வர்ற பணம், எதில் வேணாலும் கட்டலாம். நீங்களா சொல்றவரையும், போன் சுவிட்ச் ஆஃப் ஆனப்புறம் தெரிய வர்றவரையும் கிளையில் ஒரே மாதிரி பார்க்கமாட்டாங்க. தமிழில் எழுதிக் கொடுத்தாலே வாங்கிப்பாங்க. இப்படி எழுதலாம்:

> "ஐயா, எனது கடன் எண் ______. நான் ______ தேதியில் பணி நிமித்தமாக ஐக்கிய அரபு அமீரகம் செல்கிறேன். பணி நியமனக் கடித நகலும் விசா நகலும் இணைத்துள்ளேன். இனி எனக்கு வரும் அனைத்துக் கடிதங்களையும் கீழ்க்கண்ட என் தந்தையின் முகவரிக்கும் எனது மின்னஞ்சலுக்கும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். மாதத் தவணை தொடர்ந்து கணக்கு எண் ______ வழியாகச் செலுத்தப்படும். இக்கணக்கு என்ஆர்ஓ ஆக மாறும்போது புதிய மேண்டேட் தருவேன். கடிதம் பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகை தரவும்."

ரெண்டு நகல் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணில் சீல் வாங்கிட்டு வாங்க. அந்தச் சீல் போட்ட நகல்தான் பின்னாடி எந்தத் தகராறிலும் பேசும். நிதி நிறுவனங்களுக்குப் பதிவு மெயிலில் அனுப்புங்க. முகவரி மாத்தினது உண்மையிலேயே பதிவாச்சான்னு அடுத்த ஸ்டேட்மெண்டில் பாருங்க. லெட்டர் வாங்கி வச்சுட்டுக் கம்ப்யூட்டரில் ஏத்தாம விடுறது நிறைய நடக்குது.

---

வளைகுடாவாசி

ஒருவேளை அங்கே வேலை நிலைக்கலைன்னா என்ன பண்றதுன்னும் இப்பவே தெரிஞ்சு வச்சுக்கங்க. புரபேஷன்லயே அனுப்பிடுற கம்பெனிகள் இருக்கு. அப்படி ஆனா தவணை தப்பி 90 நாள் முடியறதுக்கு முன்னாடி வங்கிக்கு எழுதணும், தவணைக் காலத்தை நீட்டிக் கேக்கணும். 90 தாண்டின பிறகு பேச்சே மாறிடும், செட்டில்மெண்ட்னு ஆரம்பிப்பாங்க. செட்டில்மெண்ட்டில் பணம் குறையும், ஆனா சிபிலில் "முடிந்தது"ன்னு வராது, "செட்டில்ட்"னு வரும். அது வருஷக்கணக்கில் நிக்கும், அடுத்து வீட்டுக் கடன் கேக்குறப்போ உறுத்தும்.

இன்னொண்ணு. ஊரில் வீட்டுக்கு வர்ற வசூல் ஆள் அப்பாகிட்ட "இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, நான் அடைச்சுடுறேன்"னு சொன்னா ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்னு வீட்டில் சொல்லிட்டுப் போங்க. கடன் கணக்கு எண்ணுக்கு நேரா கட்டுறது மட்டும்தான் கட்டினது. வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. மீறினா முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லைன்னா cms.rbi.org.in-ல் ஆம்புட்ஸ்மேனுக்குப் போடலாம், துபாயில் இருந்தே போடலாம்.

---

திருச்சிக்காரன்_92

பத்து நாள் கழிச்சு அப்டேட் போடுறேன். ஃபைனான்ஸ்காரருக்கு 40,000 வங்கி வழியா கட்டியாச்சு. ஒரு செக்கைக் கொடுத்தார். இன்னொண்ணை "தேடிப் பார்க்கிறேன்"னார், ரெண்டு நாள் கழிச்சு பீரோவில் இருந்து எடுத்துக் கொடுத்துட்டார். நம்பர் பார்த்துச் சரிபார்த்தேன். நகையை அம்மா பேரில் மாத்தியாச்சு. வங்கியில் நம்பர் மாறாதுன்னு மெயில் வந்திருக்கு, ஆனா மேண்டேட்டை ஒரு தவணை பார்த்துக்கச் சொன்னாங்க.

ரெண்டு விஷயம் நிக்குது. கார்டு வங்கி இஎம்ஐயா மாத்த முழுத் தொகைக்கு ஒத்துக்கலை, 60,000-க்கு மட்டும்தான் தரேன்ங்குது. மீதி 26,000 என்ன பண்றது? அப்புறம், பர்சனல் லோனோட சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் போட்டிருக்காங்க, நான் வெளிநாட்டில் இருக்கிறப்போ அது செல்லுமா?

---

பழைய_மேனேஜர்

26,000-ஐ உங்க கைச்செலவு 29,000-ல் இருந்து எடுக்காதீங்க. புது ஊரில் வெறுங்கையோட இறங்கக் கூடாது. 60,000 இஎம்ஐ ஆனா அந்தத் தவணை 5,444-தான் வரும், 7,803 இல்லை. ஆக மூணு மாசத்துக்கு ஒதுக்கினதில் ஏழாயிரம் மிஞ்சும். அதை உடனே கார்டில் கட்டுங்க, 19,000 நிக்கும். அதுக்கு மூணு மாசமும் குறைந்தபட்சத் தொகை தவறாம கட்டிட்டு, முதல் முழுச் சம்பளத்தில் அடைச்சிடுங்க. அந்த 19,000-க்கு வட்டி மாசம் ஜிஎஸ்டியோட 785 வரும், தாங்கலாம். கணக்குப்பிள்ளை வேற சொல்வார், கேட்டுக்கங்க.

---

கணக்குப்பிள்ளை

சொல்லத்தான் போகிறேன். நகையை மறுஅடகு வைத்ததில் கூடுதலாக ஏதாவது கிடைத்ததா? கிடைத்திருந்தால் அந்த 19,000-ஐ இன்றே அடையுங்கள். கார்டு கணக்கை முழு சுத்தமாக விட்டுப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

---

வக்கீல்_சங்கரி

இன்சூரன்ஸ் பற்றி: பாலிசிக்குப் பாலிசி மாறும், பொதுப் பதில் கிடையாது. லோன் பேப்பரோடு வந்த பாலிசிச் சான்றிதழில் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு, நாடு மாறுவதையும் வேலையின் தன்மையையும் எழுதி, பாதுகாப்பு தொடருமா என்று மெயிலில் கேளுங்கள். கட்டட வேலை, கடல் வேலை என்றால் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். பதிலை அப்பாவுக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள். கோரிக்கை என்று ஒன்று வந்தால் அதை எடுத்துக்கொண்டு போகப் போவது அவர்தான்.